எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் சுங்கத்தில் மிளகாய்த்தூள் அல்ல

யுத்தம் முடிந்த பின்னர் வடக்கில் பெண்கள் குழுக்களையும் சிறு கூட்டுறவுகளையும் மையமாக வைத்து வந்த வாழ்வாதாரத் திட்டங்களில் பெரும்பாலானவை உணவு பதப்படுத்தலைத்தான் தெரிவு செய்தன. அரைக்கும் இயந்திரம் கொடுத்தார்கள், பொதியிடும் இயந்திரம் கொடுத்தார்கள், லேபல் அச்சிட உதவினார்கள். புலம்பெயர்ந்த உறவுகளின் கடைகளே சந்தை என்றும் சொன்னார்கள். அந்தச் சந்தைக்குப் போகும் பெட்டியோடு சேர்ந்து போகும் இரண்டு பக்கக் கடதாசியைப் பற்றி மட்டும் அநேகமாக எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வடக்கிலிருந்து வெளிநாடு செல்லும் சிறு சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில், அந்தக் கடதாசியின் ஒரேயொரு நிரலைப் பற்றி இங்கு எழுதுகிறேன். இன்வொய்ஸ் என்று நாங்கள் சொல்லும் விலைச்சிட்டையில், ஒவ்வொரு பொருளின் பெயருக்கும் பக்கத்தில் எழுதப்படும் வகைப்படுத்தல் இலக்கம்தான் அது.

உலகச் சுங்க அமைப்பு உருவாக்கிய இந்த இலக்க முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் இலங்கை, பிரான்ஸ், பிரித்தானியா, கனடா என்று இந்த முறையைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய இலக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது. இலங்கைச் சுங்கத் திணைக்களத்தில் மொத்தம் எட்டு இலக்கங்கள். ஆகவே யாழ்ப்பாணத்தில் நாங்கள் எழுதும் முதல் ஆறு இலக்கங்களை பாரிஸில் இருக்கும் அதிகாரி மொழிபெயர்ப்பின்றி வாசிப்பார். பொருளின் பெயரை வாசிப்பதற்கு முன்னரே அவரது கணினி அந்த இலக்கத்தை வாசித்துவிடும்.

"வரி எப்படியும் பூச்சியம்தானே, எந்த இலக்கத்தைப் போட்டால் என்ன?" என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. கேட்பவர்களில் குற்றமில்லை. 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் சலுகை இலங்கைக்குத் திரும்பக் கிடைத்த பிறகு, உரிய முறையில் அனுப்பப்படும் பல பொருட்களுக்கு வரி இல்லாமலோ குறைந்தோ போயிருக்கிறது. ஆனால் இலக்கம் வரியை மட்டும் தீர்மானிப்பதில்லை. பொருள் எந்தப் பரிசோதனைக்குள்ளால் போக வேண்டும், எந்தச் சான்றிதழ் முன்கூட்டியே இருக்க வேண்டும், அது இலங்கைப் பொருள் என்று எந்த விதிப்படி கணிக்கப்பட வேண்டும் என்பனவும் அதே இலக்கத்தில்தான் தொங்குகின்றன.

எங்கள் பக்கத்தில் இந்தச் சிக்கல் பெயரிலிருந்தே தொடங்குகிறது. யாழ்ப்பாணத்து வீட்டில் "மிளகாய்த்தூள்" என்றால் அது செத்தல் மிளகாயை மட்டும் அரைத்த தூள் அல்ல. செத்தல், மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றையும் வறுத்து அரைத்த கறித்தூள்தான் எங்களுக்கு மிளகாய்த்தூள். மிளகாயை மட்டும் அரைத்தால் அதைத் "தனி மிளகாய்த்தூள்" என்போம். லேபலிலும் இதே பழக்கம் தொடர்கிறது. விலைச்சிட்டை எழுதுபவர் லேபலைப் பார்த்து அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுகிறார். கறித்தூள் அங்கே வெறும் மிளகாய்த்தூள் ஆகிவிடுகிறது.

சுங்க இலக்க முறையில் இவை இரண்டும் வெவ்வேறு வீடுகளில் இருக்கின்றன. மிளகாயை மட்டும் அரைத்த தூள் 0904 22. கறித்தூள் 0910 91. இதை முடிவு செய்வது பொருளின் பெயரோ, அதில் மிளகாய் அதிகமா என்பதோ அல்ல. ஒன்பதாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் இருக்கும் குறிப்புத்தான் முடிவு செய்கிறது. ஒரே தலைப்பைச் சேர்ந்த வாசனைத் திரவியங்களைக் கலந்தால் கலவையும் அதே தலைப்பில் நிற்கும். வெவ்வேறு தலைப்புகளைச் சேர்ந்தவற்றைக் கலந்தால் கலவை 0910க்குப் போகும் என்று அது சொல்கிறது. மிளகாயும் மிளகும் 0904. மல்லியும் இரண்டு சீரகங்களும் 0909. மஞ்சளும் வெந்தயமும் 0910. ஆகவே மிளகாய் பாதிக்குப் பாதி இருந்தாலும் எங்கள் கறித்தூள் 0910 91தான்.

அதே குறிப்பில் இன்னொரு வாசகமும் உண்டு. வாசனைத் திரவியம் அல்லாத வேறு பொருள் சேர்க்கப்பட்டு, கலவை தன் அடிப்படைத் தன்மையை இழந்துவிட்டால் அது ஒன்பதாம் அத்தியாயத்தை விட்டே வெளியேறிவிடும். சுவையூட்டிக் கலவையாக மாறினால் 2103க்குப் போகும். சில குழுக்கள் தூள் கெடாமலிருக்க அல்லது நிறையைக் கூட்ட உப்புச் சேர்ப்பதுண்டு. எத்தனை வீதம் உப்பு இருந்தால் தன்மை மாறுகிறது என்று அந்தக் குறிப்பில் எண் எதுவும் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு தூளுக்கும் அதன் கலவை விகிதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். செய்முறை தெரியாமல் இலக்கத்தை எவராலும் சரியாகச் சொல்ல முடியாது.

நடைமுறையில் இது என்ன செய்யும் என்பதைப் பார்க்க ஒரு மாதிரிச் சரக்கை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியிலுள்ள ஒரு பெண்கள் குழு பாரிஸிலுள்ள ஒரு தமிழ்க் கடைக்கு நான்கு பொருட்களை அனுப்புகிறது: தனி மிளகாய்த்தூள் 100 கிலோ, கறித்தூள் 200 கிலோ, பனங்கட்டி 80 கிலோ, ஒடியல் மா 40 கிலோ. விலைச்சிட்டையில் நான்கு வரிகள். நான்குக்கும் ஒரே இலக்கம் 2106 90 என்று போடப்பட்டிருக்கிறது. "வேறிடத்தில் குறிப்பிடப்படாத உணவுத் தயாரிப்புகள்" என்பது அதன் பொருள். முன்னர் யாரோ அனுப்பிய சரக்கின் பிரதியைப் பார்த்து எழுதியது. இப்படியான விலைச்சிட்டைகளை நான் பல தடவை கண்டிருக்கிறேன். எதையும் போடலாம் என்ற சாக்குப் பை மாதிரி அந்த இலக்கம் பாவிக்கப்படுகிறது. ஆனால் அதன் வாசகமே அதற்குத் தடை. மிளகாய்த்தூளும் கறித்தூளும் பனங்கட்டியும் வேறிடத்தில் குறிப்பிடப்பட்டவை. ஆகவே அவை அங்கே இருக்க முடியாது.

முதல் வரியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019/1793 என்ற இலக்கமுடைய ஒழுங்குவிதி ஒன்று இருக்கிறது. சில நாடுகளிலிருந்து வரும் சில உணவுப் பொருட்களைக் கூடுதலாகப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கான பட்டியல் அது. நாடு, பொருள், பொருளின் இலக்கம், எதற்காகப் பரிசோதனை, நூற்றில் எத்தனை சரக்குகள் என்று அந்தப் பட்டியல் எழுதப்பட்டிருக்கும். இலங்கையின் உலர்ந்த மிளகாய் அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சுக்காக இதில் சேர்க்கப்பட்ட பொருட்களில் ஒன்று. சரியாகக் காயாத மிளகாயில் வளரும் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு அது. மசாலாப் பொருட்களில் அஃப்லடொக்சின் பி1 ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, எல்லா வகையும் சேர்ந்து 10ஐத் தாண்டக் கூடாது என்பது ஒன்றியத்தின் எல்லை. பட்டியலிலுள்ள பொருள் வருமுன் இறக்குமதியாளர் ஒன்றியத்தின் ட்ரேசஸ் என்ற இணைய முறையில் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். கடுமையான பட்டியலில் இருந்தால் ஏற்றுமதி செய்யும் நாட்டின் ஆய்வுகூட அறிக்கையும் அரச சான்றிதழும் கூடவே போக வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஒருமுறை இந்தப் பட்டியல் மீளாய்வு செய்யப்படுவதால், ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் முன்னர் அன்றைய பட்டியலைப் பார்ப்பது அவசியம்.

எங்கள் மாதிரிச் சரக்கில் தனி மிளகாய்த்தூள் 2106 90 என்று போயிருக்கிறது. பாரிஸ் கடைக்காரருக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று தெரிய வழியே இல்லை. அதிகாரி பெட்டியைத் திறக்காதவரை ஒன்றும் நடக்காது. திறந்தால் நூறு கிலோ மிளகாய்த்தூள் எந்த முன்னறிவித்தலும் இன்றி நிற்கும். மறிக்கப்படலாம், திருப்பி அனுப்பப்படலாம், அழிக்கப்படலாம். மற்றைய மூன்று பொருட்களும் அதே சரக்கில் இருப்பதால் அவையும் சேர்ந்து காத்திருக்கும். களஞ்சியக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்.

இரண்டாவது வரியில் ஆபத்து எதிர்ப்பக்கமாகவும் வரலாம். கறித்தூளை லேபலில் உள்ளபடி மிளகாய்த்தூள் என்று எழுதி 0904 22 போட்டால், தேவையில்லாமலே மிளகாய்க்கான பட்டியலுக்குள் அது விழும். இருநூறு கிலோ கறித்தூளுக்கு மிளகாய்க்கான சான்றிதழ் கேட்கப்படும். இன்னொரு பக்கம், இதைத் தெரிந்துகொண்ட சிலர் தனி மிளகாய்த்தூளையும் கறித்தூள் இலக்கத்தில் அனுப்பிவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. பொருளின் விபரத்தை உண்மையாக எழுதியிருக்க, இலக்கத்தில் கருத்து வேறுபாடு வருவது ஒன்று; இலக்கத்துக்கு ஏற்ப விபரத்தை மாற்றி எழுதுவது வேறொன்று. முன்னையது பெரும்பாலும் திருத்தத்துடனும் மேலதிக வரியுடனும் முடியும். பின்னையது பொய் வெளிப்படுத்தல். இலங்கையின் 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டமும் அதை அப்படித்தான் பார்க்கும், பிரான்ஸும் அப்படித்தான் பார்க்கும்.

மூன்றாவது வரி பனங்கட்டி. பலர் அதைக் கரும்பு வெல்லத்தோடு சேர்த்து 1701 என்று நினைக்கிறார்கள். 1701 கரும்பிலிருந்தும் பீட்டிலிருந்தும் எடுக்கும் சீனிக்கும், இரசாயன ரீதியில் தூய சுக்குரோசுக்கும் உரியது. பனங்கட்டி பதநீரிலிருந்து வருவது. ஆகவே அதன் இடம் 1702 90. ஒன்றியத்தில் பனஞ்சீனிக்கான வரி, அதிலுள்ள சீனிச் சத்தின் வீதத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2106 90க்கான வரிக் கணக்கு முற்றிலும் வேறு. ஆகவே அந்த 80 கிலோவுக்கு அன்று செலுத்தப்பட்ட தொகை தவறு. அந்த நேரத்தில் அது யாருக்கும் தெரியாது.

தெரியவரும் நாள் பின்னால் வருகிறது. சரக்கு விடுவிக்கப்பட்டதும் விடயம் முடிந்துவிட்டது என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் சாதாரணமாக மூன்று வருடங்கள் வரை பின்னோக்கிச் சென்று குறைந்த வரியை அறவிட முடியும். கனடாவில் நான்கு வருடங்கள் வரை மீளத் தீர்மானிக்கலாம். அங்கே, இலக்கம் பிழை என்று நம்பக் காரணம் கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தானாகவே திருத்த வேண்டிய கடமையும் இறக்குமதியாளருக்கு உண்டு. கணக்காய்வு அதிகாரி ஒரு விலைச்சிட்டையில் பிழையைக் கண்டால் அந்த ஒன்றோடு நிறுத்த மாட்டார். அதே அனுப்புநர், அதே பொருள், அதே இலக்கம் என்று தேடி மூன்று வருடத்துச் சரக்குகளையும் ஒன்றாக எடுப்பார். ஒரு சரக்கில் சிறு தொகையாக இருந்தது இருபது சரக்குகளில் கடையின் ஒரு மாத வருமானமாகிவிடும்.

சலுகையும் அதோடு சேர்ந்து ஆட்டம் காணும். ஜிஎஸ்பி பிளஸ் சலுகைக்கு, இது இலங்கையில் உற்பத்தியான பொருள் என்ற கூற்றை ஏற்றுமதியாளரே விலைச்சிட்டையில் எழுதுகிறார். சரக்கின் பெறுமதி 6,000 யூரோ வரை எவரும் எழுதலாம். அதற்கு மேல் ரெக்ஸ் பதிவு வேண்டும். ஆனால் எது இலங்கைப் பொருள் என்ற விதி இலக்கத்துக்கு இலக்கம் மாறும். அதைவிட, எளிய அரைத்தலையும் எளிய கலத்தலையும் மட்டும் செய்தால் அது போதிய உற்பத்தியாகக் கொள்ளப்படுவதில்லை. இலங்கையில் பாவிக்கப்படும் செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவதால் இது எங்களை நேரடியாகத் தொடும் விடயம். தவறான இலக்கத்தின் விதியைப் பார்த்து எழுதிய கூற்று, சரிபார்ப்புக் கடிதம் ஒன்று வரும்போது நிற்காது. அப்போது சலுகை பின்னோக்கி மறுக்கப்படும். மிளகாய்த்தூளுக்கு 5 வீதம், 2103இன் பெரும்பாலான சுவையூட்டிகளுக்கு 7.7 வீதம் என்று சாதாரண வரி திரும்பி வரும்.

இந்தப் பணத்தை முதலில் கட்டுபவர் பாரிஸ் கடைக்காரர். இறக்குமதிப் பிரகடனம் அவர் பெயரில் இருக்கிறது. கிளிநொச்சிக் குழுவுக்கு எதிராக அவர் வழக்குப் போடப் போவதில்லை. அடுத்த முறை தொலைபேசி எடுக்க மாட்டார், அவ்வளவுதான். தூளைக் கொழும்பிலுள்ள பெரிய நிறுவனமொன்றிடமோ இந்தியாவிலிருந்தோ எடுப்பார். அவர்களிடம் ஆவண வேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஓடர் ஏன் நின்றது என்று இங்கிருக்கும் பெண்களுக்குத் தெரிவதில்லை. தூளின் தரம் குறைந்துவிட்டதோ, உறவுகள் மறந்துவிட்டார்களோ என்று யோசிக்கிறார்கள்.

சரி, அதே சரக்கின் வரிகளை எப்படி எழுத வேண்டும்? முதல் மூன்றும் இப்படி இருக்கலாம். கலவை விகிதம் உதாரணத்துக்குக் கொடுக்கப்பட்டது.

```
1. Chilli powder, ground dried chilli 100%        0904 22
2. Curry powder, roasted: chilli 45, coriander 30,
   cumin 8, fennel 8, pepper 4, fenugreek 3,
   turmeric 2 (%), no added salt                  0910 91
3. Palmyrah jaggery, solid, from palm sap 100%    1702 90
```

இங்கே இலக்கத்தைவிட விபரம் நீளமாக இருப்பதைக் கவனியுங்கள். எதனால் செய்தது, என்ன வடிவம், என்ன சேர்ந்தது என்பதை விபரமே சொல்கிறது. அதிகாரி இலக்கத்தை ஏற்காவிட்டாலும் பொருளை மறைத்தீர்கள் என்று சொல்ல முடியாது. ஆறாவது இலக்கத்துக்குப் பிறகு வருவதை இறக்குமதி செய்பவரிடம் விட்டுவிட வேண்டும். உதாரணமாக, 0910 91க்குள் ஒன்றியம் கறித்தூளுக்கு ஒரு கிளையும் மற்றைய மசாலாக் கலவைகளுக்கு வேறு கிளைகளும் வைத்திருக்கிறது, வரியும் வேறு. அதைத் தீர்மானிக்கக் கடைக்காரரின் சுங்க முகவருக்கு உங்கள் கலவை விகிதம் தேவை. அவர் எந்த இலக்கத்தில் பிரகடனம் செய்தார் என்பதைக் கேட்டு வாங்கி உங்கள் கோப்பில் வையுங்கள். முதல் ஆறு இலக்கங்கள் உங்களுடையதோடு பொருந்தாவிட்டால், அடுத்த சரக்குக்கு முன்னர் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பிரதி ஒன்றைப் பார்த்து எழுதுகிறீர்களா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு அடையாளமும் உண்டு. மிளகாய் வரியில் 0904 20 என்று இருந்தால் அந்தப் பிரதி 2012க்கு முந்திய பட்டியலிலிருந்து வந்தது. அந்த வருடம் முதல் முழு மிளகாய் 0904 21 ஆகவும் அரைத்தது 0904 22 ஆகவும் பிரிக்கப்பட்டுவிட்டன. அநேகமாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பட்டியல் திருத்தப்படுகிறது. இப்போதுள்ளது 2022இன் பதிப்பு, அடுத்தது 2028 ஜனவரியில் நடைமுறைக்கு வரும்.

நான்காவது வரியான ஒடியல் மாவை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நாங்கள் பனங்கிழங்கு என்கிறோம், ஆனால் அது நிலத்துக்குள் விளையும் கிழங்கு அல்ல. பனம் விதை முளைத்து இறங்கும் தளிர். மாச்சத்துள்ள கிழங்கு வகை என்று எடுத்தால் அதன் மா 1106க்குப் போகும். உலர்ந்த மரக்கறி என்று எடுத்தால் 0712. இரண்டுக்கும் வாதம் இருக்கிறது. இப்படியான பொருளுக்கு ஊகித்து எழுதக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இறக்குமதியாளர் கட்டணமின்றி விண்ணப்பித்து, மூன்று வருடங்களுக்குச் செல்லுபடியாகும் கட்டுப்படுத்தும் வகைப்படுத்தல் தீர்மானம் ஒன்றைப் பெறலாம். ஏற்கெனவே வழங்கப்பட்ட தீர்மானங்களை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். பிரித்தானியாவிலும் கனடாவிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. இங்கே சுங்கத் திணைக்களத்தின் பண்ட வகைப்படுத்தல் பிரிவிடம் எழுத்து மூலம் கேட்கலாம். ஒடியலைத் தன் பெயரில், தனக்குரிய இலக்கத்தில் ஒருவர் முதலில் பதிவு செய்துவிட்டால், பின்னால் வரும் எல்லாக் குழுக்களும் அந்தத் தீர்மானத்தைக் காட்டலாம்.

அந்த விண்ணப்பத்துக்குத் தேவைப்படுவது ஒரு பக்கத் தயாரிப்பு விபரம், ஒரு புகைப்படம், ஒரு மாதிரிப் பொதி. அரைக்கும் இயந்திரத்துக்கு நிதி கொடுக்கும் திட்டங்கள், தங்கள் குழுக்களின் ஒவ்வொரு பொருளுக்கும் அந்த ஒரு பக்கத்தை எழுதுவிப்பதையும் செலவுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இயந்திரம் அரைத்த தூள் கடைத் தட்டுக்குப் போய்ச் சேருவது அந்தப் பக்கத்தை வைத்துத்தான்.